பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு நம் கடையைப் பற்றி என்ன எழுதிக் கொடுப்பது?

கேள்வி: பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் பல வருடமாகச் சின்ன மெஸ் நடத்துகிறோம். மதுரைச் சமையல், வருபவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். இப்போது பிரெஞ்சுக்காரர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் இரண்டாவது கடை போடுகிறோம். மெனுவையும் இணையதளத்தையும் பிரெஞ்சில் கொண்டுவர ஒரு தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினோம். அவர் பிரெஞ்சுக்காரர், தமிழ் தெரியாது. எங்கள் ஆங்கில மெனுவைக் கொடுத்தோம். "உங்கள் பேச்சு நடை என்ன, யார் படிப்பார்கள், எந்தச் சொல்லை மாற்றக் கூடாது என்று ஒரு பிரீஃப் கொடுங்கள்" என்கிறார். இதை எப்படி எழுதுவது?

பதில்:

முதலில் அந்த ஆங்கில மெனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நான் தமிழிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் பிரெஞ்சுக்கு மொழிபெயர்ப்பவன். உணவக வேலைகளில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் பிறந்த இடம் அந்த ஆங்கில மெனுதான். அதில் இருப்பது நம் ஊர் ஆங்கிலம். நமக்கு அது தமிழ் மாதிரியே புரியும். அவர் அதை லண்டன் ஆங்கிலமாகப் படிப்பார். அகராதிப்படி எல்லாம் சரியாக இருக்கும், தட்டில் இருப்பது மட்டும் வேறாக இருக்கும்.

மட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. ஆங்கிலேயருக்கு அது வளர்ந்த செம்மறி ஆடு. மொழிபெயர்ப்பாளர் யோசிக்காமல் 'மூத்தோன்' என்று போடுவார், பிரெஞ்சில் அதுவும் செம்மறிதான். உங்கள் சமையலறையில் வேகிறது வெள்ளாடா, செம்மறியா, இளம் செம்மறியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? இளசு என்றால் 'அஞ்ஞோ', வெள்ளாடு என்றால் 'ஷெவ்ர்' அல்லது 'கப்ரி' என்று வேறு வேறு சொல் இருக்கிறது. நானே ஒரு கடைக்கு 'மூத்தோன்' என்று எழுதிக் கொடுத்து, மெனு அச்சாகி வந்த பிறகு சமையல்காரர் "நாங்க வாங்கறது வெள்ளாடுங்க" என்று சொல்லி, எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. தப்பு என்னுடையது, நான் கேட்டிருக்க வேண்டும். இது வெறும் சொல் பிரச்சினையும் இல்லை. மெனுவில் ஒரு விலங்கும் தட்டில் வேறொரு விலங்கும் இருந்தால் அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. அதோடு மாடு, பன்றி, கோழி, செம்மறி இறைச்சிகளுக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உணவகங்கள் எழுதிக் காட்டவும் வேண்டும். மாட்டுக்கு இந்த விதி பழையது, மற்றவற்றுக்கு 2022 மார்ச் முதல்.

ஆகவே பிரீஃபின் முதல் பகுதி மெனு அல்ல, சமையலறைத் தாள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஐந்தாறு வரி போதும். பெயர், என்ன பொருள், எப்படிச் செய்வது, எதோடு எந்தப் பாத்திரத்தில் வரும், எவ்வளவு காரம், சாப்பிடுபவர் எந்த நேரத்தில் கேட்பார், அவ்வளவுதான். அழகாக எழுத வேண்டியதில்லை. சமையல்காரரைப் பேசவிட்டுப் போனில் பதிவு செய்து எழுதினாலே நன்றாக வரும். மட்டன் சுக்காவுக்கு இப்படி இருக்கலாம்:

"எலும்போடு வெட்டிய வெள்ளாட்டுக் கறி. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கறிவேப்பிலை. முதலில் வேகவைத்து, பிறகு இரும்புச் சட்டியில் தண்ணீர் வற்றும்வரை புரட்டுவோம். குழம்பு இருக்காது, மசாலா கறியில் ஒட்டியிருக்கும். காரம் மிளகிலிருந்து வருவது, மிளகாயிலிருந்து அல்ல. சோறு, ரசத்தோடு தொட்டுக்கொள்ள."

இதைப் படித்தவர் 'கர்ரி' என்ற ஆங்கிலப் பொதுச் சொல்லைத் தொடவே மாட்டார். பிரெஞ்சுக்காரருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மஞ்சள் நிறக் குழம்புதான் கண்ணில் வரும். சுக்கா கேட்டுக் குழம்பை எதிர்பார்த்தவர் "சாஸ் எங்கே" என்று கேட்பார், பரிமாறுபவர் ஒவ்வொரு மேஜையிலும் விளக்கிக்கொண்டிருப்பார்.

அடுத்தது பேச்சு நடை. இங்கே எல்லோரும் செய்கிற காரியம், "அன்பான, உண்மையான, பாரம்பரியமான" என்று பெயரெச்சங்களை அடுக்குவது. அதை வைத்து ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் அதே மூன்றைத்தான் சொல்வார். எனக்கு உதவுகிற பிரீஃப், நாங்கள் இப்படிச் சொல்வோம், இப்படிச் சொல்ல மாட்டோம் என்று ஜோடி ஜோடியாக வாக்கியங்களைக் காட்டுவது. உதாரணமாக, "ரசம் காரம்தான். தொண்டையில் தெரியும், கண்ணில் தண்ணீர் வராது" என்பது உங்கள் பேச்சு. "மயக்கும் மசாலாக்களின் நறுமணப் பயணம்" என்பது உங்கள் பேச்சு அல்ல. இரண்டாவதை நான் சும்மா சொல்லவில்லை. பிரெஞ்சில் இந்திய உணவகம் என்றாலே சுவைப் பயணம், ஆயிரத்தொரு மசாலா, மகாராஜா, தாஜ்மகால் என்று ஒரு தேய்ந்த தடம் இருக்கிறது. தடை சொல்லாவிட்டால் நல்ல மொழிபெயர்ப்பாளர்கூட அந்தத் தடத்தில் இறங்கிவிடுவார், ஏனென்றால் இந்த வகைக் கடைக்கு இதுதான் நடை என்று அவர் கண் பழகியிருக்கும். மதுரை மெஸ்ஸுக்கு மகாராஜா எதற்கு? "இந்தச் சொற்கள் வேண்டாம்" என்று ஒரு பத்துச் சொல்லை எழுதிக் கொடுங்கள். 'அயல்நாட்டு விசித்திரம்' என்ற பொருளில் வரும் 'எக்ஸோத்திக்' அதில் முதலாவதாக இருக்கட்டும்.

பிரெஞ்சில் நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டிய விஷயம் இரண்டு. வாடிக்கையாளரை 'வூ' என்று மரியாதையாகக் கூப்பிடுவதா, 'த்யூ' என்று ஒருமையிலா? இளைஞர் கூடும் கடைகள் சில 'த்யூ' போடுகின்றன. மெஸ்ஸில் பெரியவரை "வாங்க, உட்காருங்க" என்கிற நீங்கள் 'வூ'தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டாவது, உங்களைப் பற்றிச் சொல்லும்போது 'நூ'வா, 'ஓன்'னா? இரண்டும் 'நாங்கள்'தான். முன்னது எழுத்து நடை, பின்னது பேச்சு நடை. இணையதளத்தில் ஒரு பக்கம் அதுவும் இன்னொரு பக்கம் இதுவுமாக இருந்தால் இரண்டு பேர் எழுதிய மாதிரி இருக்கும். 'வூ'வும் 'ஓன்'னும் சேர்ந்து வரலாம். வாடிக்கையாளருக்கு மரியாதை, தன்னைப் பற்றிப் பேசும்போது அலட்டல் இல்லாமை. உங்கள் கடைக்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறது.

நடையிலேயே ஒரு கண்ணிவெடி இருக்கிறது. "வீட்டுச் சமையல்", "வீட்டு ருசி" என்று நாம் பலகையில் எழுதுவது வழக்கம், அதை யாரும் சட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. இதை மொழிபெயர்ப்பாளர் 'ஃபே மெஸோன்' என்று போட்டுவிட்டால் கதை வேறு. பிரான்ஸில் 2014 முதல் அது சட்டம் வரையறுத்த சொல். ஒரு பதார்த்தத்தை உங்கள் கடையின் சமையலறையிலேயே, பச்சைப் பொருட்களிலிருந்து சமைத்தால்தான் அந்தச் சொல்லைப் போடலாம். ரொட்டி, பாலாடைக்கட்டி மாதிரிச் சில பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உறைய வைத்த பரோட்டாவை வாங்கிச் சுட்டுக் கொடுத்தால் அந்தப் பரோட்டா 'ஃபே மெஸோன்' ஆகாது. முதல் கடையில் மாவு அரைத்து இரண்டாவது கடைக்கு வண்டியில் கொண்டுவரும் திட்டம் இருந்தால், விதியைக் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் தோசைக்கு அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். பிரீஃபில் இப்படி எழுதுங்கள்: "வீட்டு ருசி என்பது எங்கள் உணர்வு, உரிமைகோரல் அல்ல. ஃபே மெஸோன் என்ற சொல் கூடாது. வீட்டில் சாப்பிடுகிற மாதிரி என்ற பொருளில் வேறு விதமாகச் சொல்லுங்கள்." எந்தெந்தப் பதார்த்தத்துக்கு உண்மையிலேயே அந்தத் தகுதி இருக்கிறது என்று தனியாகக் குறித்துக் கொடுத்தால் அவற்றுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

யார் படிப்பார்கள் என்ற கேள்விக்கு "எல்லோரும்" என்று பதில் எழுதாதீர்கள். மெனு கையில் இருக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மதியம் பக்கத்து அலுவலகத்திலிருந்து வருபவருக்கு 45 நிமிஷம்தான். தோசையை ஒருவேளை முன்பு சாப்பிட்டிருப்பார். கூட்டு, பொரியல் எல்லாம் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மேஜைக்கு ஆள் வருவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அவருக்கு ஒரு பதார்த்தத்துக்கு ஒரு வரிதான். இணையதளத்தை இரவில் வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு அவசரம் இல்லை, அங்கே மதுரைக் கதையைச் சொல்லலாம். ஆகவே மெனுவுக்கு எழுத்தளவு வரம்பு கொடுங்கள், "பெயருக்குக் கீழே அதிகபட்சம் 12 சொல்" என்பது மாதிரி. இணையதளத்துக்கு வரம்பு வேண்டாம்.

அதே ஆளை நினைத்துக்கொண்டு மெனுவின் வரிசையையும் பாருங்கள். நம் ஆங்கில மெனுவில் 'மீல்ஸ்' என்று ஒரு தலைப்பு இருக்கும். அது இலைச் சாப்பாடு, அதாவது சாம்பார், ரசம், மோர் எல்லாம் சேர்ந்து வருவது என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது, 'உணவு வகைகள்' என்று பொத்தாம் பொதுவாகப் போட்டுவிடுவார். பிரெஞ்சில் ஒரு விலைக்குப் பல பதார்த்தம் சேர்ந்து வருவதற்குப் பெயர் 'மெனு'. நாம் மெனு என்று சொல்கிற அட்டைக்குப் பெயர் 'கார்த்'. இந்த ஒரு குழப்பத்தைப் பிரீஃபின் முதல் பக்கத்திலேயே தீர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்களும் அவரும் போனில் மெனு மெனு என்று வேறு வேறு பொருளைப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, மாற்றக் கூடாத சொற்களுக்கு வருவோம். "எங்கள் பதார்த்தப் பெயர் எதையும் மாற்றாதீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற கடைக்காரர்கள் உண்டு. அது போதாது. பெயரை மாற்றாமல் வைப்பது வேறு, விளக்கம் இல்லாமல் வைப்பது வேறு. 1994-இன் தூபோன் சட்டப்படி பொருளையும் சேவையையும் பிரெஞ்சில்தான் விளக்க வேண்டும். பொதுமக்களுக்கு நன்கு தெரிந்த வெளிநாட்டுச் சிறப்புப் பெயர்களுக்கு மட்டும் விலக்கு. பிட்சாவுக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள், வத்தக்குழம்புக்குக் கேட்பார்கள். எனவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முடிவு வேண்டும்: அப்படியே தனியாக நிற்பது, அப்படியே நின்று கீழே விளக்கம் பெறுவது, அல்லது முழுதாகப் பிரெஞ்சுக்குப் போவது. தயிர் சாதம் போல எளிதில் சொல்லிவிட முடிகிறவை மூன்றாவது வகையில் போகலாம். ஆனால் அதிலும் "கெட்டித் தயிரில் பிசைந்த சோறு, இனிப்பு இல்லை" என்று குறிப்பு வையுங்கள். பிரெஞ்சில் பாலும் சோறும் சேர்ந்த 'ரி ஓ லே' என்பது குழந்தைகள் சாப்பிடும் இனிப்பு, வாடிக்கையாளர் மனம் நேராக அங்கேதான் போகும்.

ஃபில்டர் காபி எனக்குப் பிடித்த உதாரணம். சொல்லுக்குச் சொல் போட்டால் 'கஃபே ஃபில்த்ர்'. சொற்கள் இரண்டும் சரி. ஆனால் பிரெஞ்சுக்காரருக்கு அது அலுவலக மூலையில் கண்ணாடிக் குடுவையில் சூடாகிக்கொண்டே இருக்கும் நீர்த்த காபி. எஸ்பிரெஸோ குடிக்கிறவர் அதைக் காசு கொடுத்து வாங்க மாட்டார். நம் டிகாக்ஷனும் நுரை பொங்க ஆற்றிய பாலும் டபரா டம்ளரும் அந்தப் பெயரில் காணாமல் போய்விடும். இதற்கு நான் சொல்வது, 'காபி' என்று நாம் உச்சரிக்கிறபடியே பெயராக வைத்துவிட்டு, கீழே சிக்கரி கலந்த கெட்டி டிகாக்ஷன், சூடான பால், உலோக டம்ளரில் என்று விளக்குவது. சிக்கரி பிரெஞ்சுக்காரர்களுக்குப் பழக்கமான பொருள், பாட்டி வீட்டு ஞாபகம் வரும். அது நமக்கு லாபம்.

நேர்மாறாக, ஆங்கிலத்தில் யாரோ வைத்த செல்லப் பெயர்களைக் காப்பாற்ற வேண்டியதில்லை. இட்லிப் பொடிக்கு ஆங்கில மெனுக்களில் 'கன்பவுடர்' என்று ஒரு பெயர் ஓடுகிறது. அதைப் பிரெஞ்சில் போட்டால் பீரங்கி மருந்து ஆகும். 'பொடி' என்றே வைத்து, வறுத்த உளுந்து, மிளகாய், எள், நல்லெண்ணெயில் குழைத்தது என்று சொன்னால் போதும். நம் பெயரை விட்டு ஆங்கிலப் பெயரைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பிரெஞ்சுப் பெயர் தேடுவானேன்?

பெயரின் எழுத்துக்கூட்டலையும் நீங்களே பூட்டிவிட வேண்டும், ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பிரெஞ்சு வாய் வேறு மாதிரி படிக்கும். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் ஒற்றை 'எஸ்' வந்தால் அங்கே 'இஸட்' ஒலிதான். தோசை 'தோஸா' ஆகாமல் 'தோZஆ' மாதிரி, ரசமும் அப்படியே. இரட்டை 'எஸ்' போட்டால் ஒலி சரியாகும், பார்க்கக் கொஞ்சம் விநோதமாக இருக்கும். பூரியில்தான் உண்மையான ஆபத்து. உச்சரிப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று 'ஓ', 'யு' இரண்டையும் சேர்த்துப் பிரெஞ்சு முறையில் எழுதினால், 'அழுகிப்போனது' என்ற பொருள்தரும் 'பூரி' என்ற சொல்லுக்கு ஒரே ஓர் 'ஆர்' எழுத்துதான் குறைவு. காதுக்கு இரண்டும் ஒன்றே. அதனால் பூரிக்கு மட்டும் ஆங்கிலப் பாணியில் இரட்டை 'ஓ'வை விட்டுவிடுங்கள், தப்பாகப் படித்தால் படிக்கட்டும். பக்கத்துக் கடைகள் யாழ்ப்பாண வழக்கில் கொத்து ரொட்டி என்று எழுதியிருக்கும். நீங்கள் கொத்து பரோட்டா என்றால் அதையே எல்லா இடத்திலும் வையுங்கள். பெயர்ச்சொல்லுக்குப் பிரெஞ்சில் ஆண்பால் பெண்பால் உண்டு. தோசைக்கு இரண்டும் புழங்குகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பட்டியலில் அவரையே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வாமைப் பொருட்களை மட்டும் மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டாதீர்கள். ஐரோப்பிய விதிப்படி 14 வகைப் பொருட்கள் எந்தப் பதார்த்தத்தில் இருக்கின்றன என்று எழுத்தில் காட்ட வேண்டும். அதன் பிரெஞ்சு வாசகம் அதிகாரப்பூர்வமாகவே இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தப் பதார்த்தத்துக்கு எது என்பதைச் சமையலறையில் டப்பாக்களை எடுத்துப் படித்து நீங்கள்தான் நிரப்ப வேண்டும். பெயரைப் பார்த்து ஊகித்தால் தவறும். அந்த 14-இல் கடுகும் எள்ளும் உண்டு. தாளித்த எல்லாவற்றிலும் கடுகு, பொடி தொட்ட எல்லாவற்றிலும் எள். நம் ஆட்களே மறப்பது பெருங்காயம். கடையில் கிடைக்கும் தூள் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். தோசை, சாம்பார், ரசம் எல்லாம் அரிசியும் பருப்பும்தானே, குளூட்டன் இல்லை என்று மெனுவில் போட்டுவிட்டு, சாம்பாரில் அந்தத் தூளைத் தூவினால் கோதுமை ஒவ்வாதவர் படுத்துவிடுவார். டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள், அரிசி மாவு கலந்ததும் கிடைக்கும். இதே சாக்கில் 'வெஜ்' என்பதற்கும் ஒரு வரி எழுதுங்கள். நம் கணக்கில் அதில் முட்டை இல்லை. 'வெஜிடேரியன்' என்கிற பிரெஞ்சுக்காரர் முட்டை சாப்பிடலாம். 'வீகன்' என்பவர் உங்கள் நெய்யைத் தொட மாட்டார்.

இதெல்லாம் சேர்ந்து ஆறேழு பக்கம் வரும். முழுவதையும் கொடுத்து மொத்த வேலையையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள். முதலில் ஐந்து பதார்த்தமும் இணையதளத்தின் முகப்புப் பத்தி ஒன்றும் மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஐந்தில் தோசை, சுக்கா, மீல்ஸ், காபி கட்டாயம் இருக்கட்டும், சிக்கல் எல்லாம் அங்கேதான். அவரிடமிருந்து கேள்விகள் வர வேண்டும். ஒரு கேள்விகூட வராமல் வேலை வந்தால் நான் சந்தேகப்படுவேன். கேள்விக்குப் பதில் சொல்ல ஒரே ஆளை நியமியுங்கள். அண்ணன் ஒன்று சொல்லி, தம்பி மாற்றி, கடைசியில் அப்பா வந்து "எதுக்கு இவ்வளவு விளக்கம், பேர் மட்டும் போடு" என்றால் அவர் என்ன செய்வார்?

அந்த ஐந்தும் வந்ததும், கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் காட்டுங்கள். "நன்றாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். "இதைக் கேட்டால் தட்டில் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்" என்று கேளுங்கள். சுக்காவுக்குக் குழம்பு என்றோ, தயிர் சாதத்துக்கு இனிப்பு என்றோ பதில் வந்தால், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக அச்சகம். அச்சுக்குப் போகும் கோப்பை மொழிபெயர்ப்பாளரே ஒருமுறை பார்ப்பார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வடிவமைப்பாளர்கள் தலைப்புகளைப் பெரிய எழுத்தில் போடும்போது எழுத்தின் தலையில் இருக்கும் குறிகளை எடுத்துவிடுவார்கள், அழகுக்கு. 'சலே' என்றால் உப்புப் போட்டது. குறி போனால் அதே சொல் 'சால்', அதாவது அழுக்கு. உப்பு லஸ்ஸி அழுக்கு லஸ்ஸியாக அச்சாகித் தொங்குவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.